பக்கத்து மேஜையில் ஓயாத புலம்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்து மேஜை அண்ணன் காலையில் பையை வைத்ததும் ஆரம்பித்துவிடுகிறார். சாயங்காலம் பஸ் ஏறும் வரை நிறுத்துவதில்லை. அவர் லீவு போட்ட நாளில் அதே வேலை எனக்குக் களைப்பாகவே தெரிவதில்லை. இது என் மனப்பிரமையா?

மனப்பிரமை கிடையாது. அந்த லீவு நாளே உங்களுக்குச் சாட்சி. ஒருவருடைய மனநிலை பக்கத்தில் இருப்பவர்களைத் தொற்றிக்கொள்ளும் என்பதை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சிகல் பார்சேட் என்பவர் 2002-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து, ஒரு நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போனஸை எப்படிப் பிரிப்பது என்று விவாதிக்கச் சொன்னார். ஒவ்வொரு குழுவிலும் பயிற்சி பெற்ற நடிகர் ஒருவர் உறுப்பினர் போலவே கலந்திருந்தார். அது மற்றவர்களுக்குத் தெரியாது. அவர் கலகலப்பாகவோ சிடுசிடுப்பாகவோ இருந்ததற்கு ஏற்றபடி குழுவின் மனநிலையும் நகர்ந்தது. கலகலப்பு தொற்றிய குழுக்களில் சண்டை குறைந்து ஒத்துழைப்பு கூடியிருந்தது.

நம் பக்கத்துச் சின்ன அலுவலகங்களில் இது இன்னும் சுலபமாக நடக்கும். நான் அதிகம் பார்த்தவை கூட்டுறவுக் கடன் சங்க அலுவலகங்கள். ஒரே கூடம், ஒட்டிப் போட்ட மேஜைகள். ஐப்பசி மழைக்குச் சன்னலைச் சாத்திவிட்டால் யார் முனகினாலும் எல்லோர் காதிலும் விழும்.

தொற்று மட்டுமல்லாமல் இன்னொரு காரணமும் உண்டு. நகைக்கடன் அட்டையில் எடையை எழுதும்போது பாதிக் காது அவர் பேச்சில் இருக்கிறது. "உம்" கொட்டாவிட்டால் மரியாதையாக இருக்காது என்று நடுநடுவே தலையாட்டுகிறீர்கள். விட்ட இடத்தைத் திரும்பத் தேடுகிறீர்கள். சாயங்காலம் வரும் களைப்பில் பெரும்பகுதி இந்தத் தேடலால் வருவது என்பது என் கணிப்பு. இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு நன்மை இருக்கிறது. அவருடைய மனதை உங்களால் மாற்ற முடியாது, ஆனால் வேலை எத்தனை முறை அறுபடுகிறது என்பதை மாற்ற முடியும்.

அவர் சொல்வதில் பாதி உண்மைதான். எங்களுக்கு ஆள் பற்றாக்குறை, சர்வர் அடிக்கடி நிற்கிறது. நியாயமான குறையைப் புலம்பல் என்று தள்ளினால் அது தப்பில்லையா?

தப்புதான், தள்ளக்கூடாது. குறை உண்மையா என்று பார்த்துப் பிரிக்கப்போனால் குழப்பம்தான் வரும். ஏனென்றால் ஓயாமல் புலம்புகிறவர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை உண்மையாகவே இருக்கும். யாரிடம் சொல்கிறார் என்பதைப் பாருங்கள். "நேற்று பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை சர்வர் இல்லை, வந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம்" என்று செயலாளரிடம் சொன்னால் அது கோரிக்கை. அதையே சர்வரை ஒன்றும் செய்ய முடியாத உங்களிடம் நாள் முழுக்கச் சொன்னால் அது வேறு. புலம்பலைப் பற்றி ராபின் கோவால்ஸ்கி என்ற உளவியலாளர் 1996-ல் எழுதியபோது இந்த வேறுபாட்டைத்தான் அடிப்படையாக வைத்தார். ஒன்றை மாற்றுவதற்காகக் குறை சொல்வது ஒரு வகை. மனத்தாங்கலை வெளியே விடுவதற்காகவோ அனுதாபம் பெறுவதற்காகவோ சொல்வது இன்னொரு வகை. ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டையும் செய்வார்.

ஒரு வாரம் அவர் சொல்வதை மனதுக்குள் மூன்று கூறாகப் பிரித்துப் பாருங்கள். முதலாவது, இந்த அலுவலகத்துக்குள்ளேயே சரிசெய்யக்கூடியது: ரசீது தாமதம், பாஸ்புக் பிரிண்டர், சாவி யாரிடம் என்பது போல. இரண்டாவது, மேலிடத்தில் மட்டுமே முடிவாகக்கூடியது: காலிப் பணியிடம், சம்பள விகிதம். மூன்றாவது, யாராலும் இங்கே உட்கார்ந்து ஒன்றும் செய்ய முடியாதது: ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்களா, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேருமா, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள். நாள் முழுக்கப் பேசுவதாகத் தோன்றினாலும், பிரித்துப் பார்த்தால் விஷயங்கள் நான்கைந்தைத் தாண்டுவது அபூர்வம். அதில் முதல் கூறில் ஒன்றாவது இருக்கும். அதுதான் உங்கள் பிடி.

சிலவற்றை மட்டும் இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். சம்பளம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், சாதி பார்த்து நடத்துகிறார்கள், ஒரு பெண்ணிடம் தவறாக நடக்கிறார்கள் என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், யாரும் காதுகொடுக்காததால் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பாலியல் தொல்லை என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. அங்கே போக அவருக்குத் துணை நில்லுங்கள். கீழே சொல்லும் எதுவும் அந்த மாதிரி விஷயங்களுக்குப் பொருந்தாது.

ஆறுதல் சொன்னால் இன்னும் பொங்குகிறார். யோசனை சொன்னால் "அதெல்லாம் இங்கே நடக்காதும்மா" என்கிறார். பின்னே நான் என்னதான் சொல்வது?

நீங்கள் செய்துபார்த்த இரண்டும்தான் எல்லோரும் செய்வது. இரண்டுமே புலம்பலை நீட்டித்துவிடும்.

"ஐயோ பாவம், உங்களுக்கு மட்டும் ஏன்ணே இப்படி" என்றால், இந்தக் கதைக்கு இங்கே ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த கதையும் உங்களிடம்தான் வரும். யோசனை சொல்வதில் வேறு சிக்கல். எரிக் பெர்ன் என்ற மனநல மருத்துவர் இந்த உரையாடலுக்கு "ஏன் இப்படிச் செய்யக்கூடாது? ஆமாம், ஆனால்…" என்றே பெயர் வைத்தார். நீங்கள் யோசனை நீட்டுவீர்கள், அவர் ஒவ்வொன்றையும் ஏதாவது காரணம் சொல்லி ஒதுக்குவார். கடைசியில் உங்களிடம் யோசனை தீர்ந்துபோகும். பார்த்தாயா, இதற்கு வழியே இல்லை என்று அவருக்கு உறுதியாகிவிடும். அவர் தேடியது வழியை இல்லை என்பதால், எவ்வளவு நல்ல யோசனையும் அங்கே நிற்காது.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரு வரியில் அவர் கஷ்டத்தை ஒப்புக்கொள்ளுங்கள். ஒரு கேள்வியை அவரிடமே திருப்புங்கள். உடனே கையில் இருக்கும் வேலைக்குத் திரும்பிவிடுங்கள். பேச்சில் அது இப்படி வரும்:

"பாரும்மா, இன்னைக்கும் கிடங்கு ரசீது வரல. என் தலையிலதான் விடியும்."

"ஆமாண்ணே, அஞ்சு மணிக்கு மேல வந்தா உங்களுக்குக் கஷ்டம்தான். இதுக்கு என்ன பண்ணலாம்னு நெனக்கிறீங்க?"

"என்ன பண்றது, யாரு கேக்குறா இங்க?"

"சரிண்ணே. செயலாளர்கிட்ட எழுதிக் குடுக்கறதா இருந்தா சொல்லுங்க, நான் டைப் அடிச்சுத் தர்றேன். இந்த லெட்ஜரை முடிச்சுட்டு வந்துடறேன்."

அவ்வளவுதான். முதல் வரி அவசியம். அதை விட்டுவிட்டு நேராகக் கேள்விக்குப் போனால் அதிகாரி விசாரிப்பது போல இருக்கும், அவர் குரலை இன்னும் உயர்த்துவார். கேள்வி "என்ன செய்யலாம்" என்று இருக்கட்டும். "ஏன் நீங்க சொல்லல?" என்று கேட்டால் குற்றம் சாட்டியது போலாகும், அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்ல ஆரம்பிப்பார். கடைசி வரியில் ஒரு குறிப்பான உதவி இருக்க வேண்டும், அதுவும் அவர் கேட்டால்தான் என்று இருக்க வேண்டும். பிறகு கண்ணையும் கையையும் லெட்ஜருக்குத் திருப்புங்கள். நாற்காலியை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு "வேலை இருக்குண்ணே" என்றால் அவர் நம்பமாட்டார்.

முதல் சில நாட்கள் புலம்பல் கூடும். வழக்கமாகக் கிடைத்த "உச்" கொட்டல் நின்றுபோனதால் இன்னும் பலமாகச் சொல்லிப் பார்ப்பார், இல்லையென்றால் "உனக்கு இப்பல்லாம் என்னோட பேசவே பிடிக்கல" என்பார். இங்கேதான் பலர் இரக்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அப்படி ஒரு நாள் விட்டுக்கொடுத்தால், விடாமல் சொன்னால் கேட்பார்கள் என்பது அவருக்குப் பழகிவிடும். அதற்குப் பதில், அவர் புலம்பாத நேரத்தில் நீங்களாகப் போய்ப் பேசுங்கள். நாற்று விட்டாச்சா, அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது, எதுவாக இருந்தாலும் சரி. பேச்சு நிற்கவில்லை, புலம்பலுக்கு மட்டும் ஆள் இல்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரியும்.

இதெல்லாம் எங்காவது நடந்திருக்கிறதா? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

திருவாரூர் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு கடன் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஊர் வேண்டாம்.

அங்கே கணக்கர் ஐம்பது வயதைத் தாண்டியவர், வேலையில் கெட்டிக்காரர். பக்கத்தில் ஓர் இளம் பெண் எழுத்தர், எதிரே நகை மதிப்பீட்டாளர். கணக்கரின் புலம்பலுக்குத் தினமும் ஓர் ஒழுங்கு இருந்தது. காலையில் ஆற்றுத் தண்ணீரும் தன் நிலமும். மத்தியானம் சம்பளமும் வராத பதவி உயர்வும். மூன்று மணிக்கு மேல் உரக்கிடங்கு. இந்த மூன்றாவதில்தான் சத்தம் அதிகம். அந்தச் சமயத்தில்தான் எழுத்தருக்குக் கூட்டல் தப்பும், மதிப்பீட்டாளர் எழுந்து வெளியே போய்விடுவார்.

அந்த எழுத்தர் கணக்கர் சொல்வதைக் கவனித்துப் பிரித்துப் பார்த்தார். கிடங்கில் உர விற்பனை பி.ஓ.எஸ் இயந்திரத்தில் ஆதார் பதிந்து நடக்கும். அன்றைய ரசீதுகளும் இருப்புக் கணக்கும் கடை மூடியபிறகு மொத்தமாக மேலே வரும். அவற்றைப் பதியாமல் நாள்வழியை முடிக்க முடியாது, முடிக்காமல் கணக்கர் கிளம்ப முடியாது. அதனால் அவர் வழக்கமாக ஏறும் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் போனால் வீட்டுக்குப் போக இருட்டிவிடும், வயலுக்குத் தண்ணீர் மாற்றிவிட முடியாது. காலையில் அவர் சொன்ன நிலத்துப் புலம்பலின் ஒரு நுனி இந்தத் தாமதத்தில் இருந்தது. இதை அவரே ஒருநாளும் சேர்த்துச் சொன்னதில்லை.

எழுத்தர் மேலே சொன்ன கேள்வியையே கேட்டுவந்தார். "என்ன பண்ணலாம்னு நெனக்கிறீங்கண்ணே?" முதலில் "ஒண்ணும் பண்ண முடியாது" என்றே பதில் வந்தது. ஒருநாள் அவர் வாயிலிருந்தே, "மத்தியானம் வரைக்கும் வித்த ரசீதையாவது சாப்பாட்டு நேரத்துல குடுத்துவிட்டா பாதி முடிஞ்சிரும்" என்று வந்தது. எழுத்தர் அதை அப்படியே ஒரு தாளில் நான்கு வரியாக எழுதி அவர் கையெழுத்தோடு செயலாளரிடம் வைத்தார். செயலாளர் கிடங்குக்காரரைக் கூப்பிட்டுப் பேசி, ரசீதை இரண்டு தவணையாகக் கொடுக்கச் சொன்னார். மத்தியானம் ஒன்று, நாலரை மணிக்கு மீதி. நாலரைக்கு மேல் வருகிறவர்களுக்கு ரசீது போடலாம், கணக்கு மறுநாள் சேரும்.

மூன்று மணிப் புலம்பல் அடங்கிவிட்டது. நடுவில் ஒரு சறுக்கலும் வந்தது. சம்பாவுக்கு மேலுரம் போடும் சமயம் யூரியாவுக்குக் கூட்டம் முண்டியடித்ததில் ரசீது மறுபடி தாமதமாயிற்று. "நான் அப்பவே சொன்னேன், இங்க எதுவும் உருப்படாது" என்று ஆரம்பித்தார். எழுத்தர் ஆறுதலும் சொல்லவில்லை, வாதாடவும் இல்லை. "எந்தெந்த நாள் லேட்டுன்னு குறிச்சு வைங்கண்ணே, செயலாளர்கிட்ட காட்டலாம்" என்றார். குறித்தார்கள், காட்டினார்கள். கூட்டம் உள்ள வாரங்களில் கிடங்குக்கு ஒரு ஆளைக் கூடுதலாக அனுப்ப ஏற்பாடானது.

காலைப் புலம்பல் இன்றும் இருக்கிறது. தண்ணீரையும் பதவி உயர்வையும் யாராலும் அந்தக் கூடத்தில் தீர்க்க முடியாது. ஆனால் அது இப்போது டீ வரும் வரைக்கும்தான். இதற்கு மேல் எதிர்பார்த்திருந்தால் அந்த எழுத்தர் ஏமாந்திருப்பார்.

அவர் என் அப்பா வயது. நான் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "கொஞ்சம் நிறுத்துங்க" என்று என் வாயில் வருமா?

வர வேண்டியதில்லை. வயதில் மூத்தவரிடம் அவர் குணத்தைப் பற்றிப் பேசினால் அவமானமாகத்தான் எடுத்துக்கொள்வார். உங்கள் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள். "சார், பணம் எண்ணும்போது பேச்சு கேட்டா எனக்குக் கணக்கு தப்பிடுது. ஒரு பன்னெண்டு மணி வரைக்கும் முடிச்சுட்டு வர்றேன் சார்." இது முழுக்க உண்மை, இதில் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

நேரம் பார்த்துச் சொல்லுங்கள். அவர் கொதித்துக்கொண்டிருக்கும்போது சொன்னால் எரிச்சலில் எரிச்சல் சேரும். மறுநாள் காலை, தனியாக இருக்கும்போது, வேலை தொடங்குவதற்கு முன் சொன்னால் போதும். எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே "சார் ஆரம்பிச்சிட்டாரு" என்று சொல்வது பல அலுவலகங்களில் நடக்கிறது. அது கொடுமை. அப்படிச் சொல்லப்பட்டவர் அடுத்து உங்களைப் பற்றியும் புலம்புவார், அதில் நியாயமும் இருக்கும்.

மனசில் இருப்பதைக் கொட்டித் தீர்த்தால் லேசாகிவிடும் என்பார்களே? நான் கேட்காவிட்டால் அவருக்கு உடம்புக்கு வந்துவிடாதா?

ஒருமுறை சொல்லி அழுவதும் ஒரே விஷயத்தைத் தினமும் கிளறுவதும் ஒன்றாகாது. முதலாவது துணை தேடுவது, அதற்கு நீங்கள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இரண்டாவதைப் பற்றி ஆய்வுகள் சொல்வது வேறு. பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டப்பட்ட மாணவர்களில் சிலர் தங்களைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னும் சிலர் ஒன்றும் செய்யாமல் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்தவர்களுக்குத் தணிந்திருந்தது.

அதே வருடம் அமாண்டா ரோஸ் என்பவர் பள்ளிப் பிள்ளைகளிடம் இன்னொன்றைப் பார்த்தார். கஷ்டங்களையே மாற்றி மாற்றிப் பேசிக்கொள்ளும் தோழமையில் நெருக்கம் கூடுதலாக இருந்தது, கூடவே மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. அலுவலகத்திலும் இதே வலையைப் பார்க்கிறேன். சேர்ந்து புலம்பினால் நெருக்கம் வருகிறது, அதனால்தான் விட முடியவில்லை. அவரோடு நெருக்கம் வேண்டும் என்றால் வேறு பேச்சில் அதைத் தேடிக்கொள்ளுங்கள்.

இயர்போன் மாட்டிக்கொள்ளலாமா?

பொதுமக்கள் வந்து நிற்கும் கவுன்டரில் கூடாது. உள்ளே தனியாகப் பதிவு வேலை பார்க்கிறீர்கள், அலுவலகத்தில் அனுமதியும் உண்டு என்றால் ஒரு மணி நேரம் போல மாட்டிக்கொள்ளலாம். நாள் முழுக்க மாட்டினால் அவரை ஒதுக்குவதாகத்தான் தெரியும்.

நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து உட்காரவைத்துப் பேசிவிடலாமா?

வேண்டாம். நான்கு பேர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்றால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். நமக்கு எதிராக எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்று அவர் ஏற்கெனவே நினைத்திருந்தால், அதை நீங்களே நிரூபித்துக் கொடுத்தது போலாகும். அவருக்குப் பிடித்த ஒருவர் தனியாகப் பேசட்டும். மற்றவர்கள் ஒன்றே ஒன்றில் ஒத்துப்போனால் போதும்: அவர் இல்லாத நேரத்தில் அவரைப் பற்றிப் புலம்புவதில்லை. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்ததும் "இன்னைக்கு என்ன சொன்னாரு தெரியுமா" என்று தொடங்கும் கூட்டத்தில், அவர் எதிரில் இல்லாதபோதும் அவர் புலம்பல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

செயலாளரிடம் சொன்னால் கோள் மூட்டியதாகிவிடாதா?

எதைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. "அவர் எப்பவும் நெகட்டிவா பேசுறாரு சார்" என்றால் கோள்தான், செயலாளரால் அதை வைத்து ஒன்றும் செய்யவும் முடியாது. பயிர்க் காப்பீட்டுப் பதிவுக் காலத்தை எடுத்துக்கொள்வோம். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் என்று ஆளாளுக்கு ஒரு கட்டு பிடித்துக்கொண்டு விவசாயிகள் வாசல் வரை நிற்கிறார்கள். அந்த நேரத்தில் கவுன்டரில் இருந்தபடியே "இதெல்லாம் பணம் வராது, எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க" என்று அவர் சொல்லி, இரண்டு பேர் பதியாமலே திரும்பிப் போனார்கள் என்றால், அதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவர் சலிப்பால் இன்னொருவர் குடும்பத்துக்கு நஷ்டம் வருகிறது. என்றைக்கு, என்ன நடந்தது, வேலையில் என்ன பாதிப்பு, இவ்வளவு போதும். அவர் சுபாவத்தைப் பற்றிய விளக்கம் தேவையில்லை.

முதலில் அவரிடமே ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போவது நல்லது. "நேத்து அந்தப் பெரியவர் பதியாம போயிட்டாருண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கு அது உறைத்துவிடும், நிலத்தை நம்பி இருக்கும் வீட்டிலிருந்துதான் அவரும் வந்திருப்பார்.

நானே செயலாளர். என்னிடம் வேலை செய்கிறவர்தான் இப்படி. கண்டிக்கட்டுமா?

பேசுவதைத் தடை செய்ய முடியாது. தடுத்தால் கூடத்தில் நிற்கும், டீக்கடையில் தொடரும். நீங்கள் செய்யக்கூடியது, குறைக்கு ஓர் இடமும் நேரமும் கொடுப்பது. வாரத்தில் ஒருநாள், கூட்டம் குறைந்த மத்தியானம், அவரை மட்டும் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: குறை என்ன, யார் கையில் இருக்கிறது, என்றைக்குள் பதில். அடுத்த வாரம் அதே நோட்டைத் திறந்து பதில் சொல்லுங்கள். "மேலே எழுதியிருக்கிறேன், இன்னும் வரவில்லை" என்பதும் பதில்தான். "காலிப் பணியிடம் இந்த வருடம் நிரம்பாது" என்பதும் பதில்தான். பொய்யாக "பார்க்கலாம்" என்று சொல்வதுதான் கெடுக்கும். ஒவ்வொரு "பார்க்கலாம்"-உம் ஆறு மாதப் புலம்பலுக்குத் தீனி.

நடுவில் கூடத்தில் ஆரம்பித்தால் "இதை நம்ம நோட்டுல சேர்த்துடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். ஆறேழு வாரம் ஆகியும் நோட்டில் சரிசெய்யக்கூடியவை எல்லாம் சரியாகி, அப்புறமும் விவசாயிகள் முன்னால் அதே பேச்சு என்றால், கவுன்டரில் பேசவேண்டிய முறையைப் பற்றி நேராகப் பேசுங்கள். அப்போது உங்கள் சொல்லுக்கு எடை இருக்கும்.

முன்பெல்லாம் அவர் இப்படி இல்லை. கடந்த சில மாதமாகத்தான் எதைப் பார்த்தாலும் வெறுப்பு. இதையும் அப்படியே எடுத்துக்கொள்வதா?

வேண்டாம், இது வேறு. பல வருடமாக ஒரே மாதிரி புலம்புகிறவருக்கு அது பழக்கம். கலகலப்பாக இருந்தவர் திடீரென மாறினால் பின்னால் ஏதோ நடந்திருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் கடன், வீட்டில் நோய், அறுவடை நேரத்து மழையில் சாய்ந்த பயிர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் தென்னந்தோப்பை இழந்த குடும்பங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களிடம் இந்த மாற்றத்தை நான் கண்டேன். வேலையைப் பற்றித்தான் குறை சொல்வார்கள், காரணம் தோப்பில் இருக்கும்.

தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்புகிறதா, முன்பு ஆசையாகச் செய்தது எதிலும் நாட்டம் இல்லையா, இது இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். "என்ன ஆச்சு மாமா, கொஞ்ச நாளா உங்க முகமே சரியில்லையே" என்று தனியாகக் கேளுங்கள், அப்போது மட்டும் நேரத்தைப் பார்க்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற மாதிரி ஒரு சொல் வந்தால் அன்றைக்கே வீட்டாருக்குச் சொல்லுங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். இடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். இதில் தோல்வி ஒன்றும் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்தால் கண் படும்போதெல்லாம் பேச்சு வரும். பக்கவாட்டில் இருந்தால் கொஞ்சம் குறையும். நடுவில் ஒரு அலமாரியோ பதிவேட்டு அடுக்கோ இருந்தால் நன்றாகவே குறையும். அதனால் வேறு அறையே வேண்டும் என்று கேட்கத் தேவையில்லை, மேஜையைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். காரணமாக உங்கள் வேலையைச் சொல்லுங்கள்: பணம் எண்ணுவது, நகைக்கடன் பதிவு, வெளிச்சம் எதுவானாலும் உண்மையானதாக இருக்கட்டும்.

மேஜையை நகர்த்துவதற்கு முதல் நாள் அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் அதுவே அடுத்த மாதம் முழுக்கப் பேச்சாகிவிடும். மாறியபிறகும் பதினொரு மணி டீக்கு வழக்கம்போல அவரைக் கூப்பிடுங்கள்.